சொந்தத் தரவைத் தேடிவரும் பேக்லிங்க்: வாசகர் கேள்விகள்

சமையல் தளம் நடத்துகிறேன். பிற தளங்கள் என் பக்கத்துக்குத் தரும் இணைப்பான பேக்லிங்க் கிடைக்க, சொந்தமாக ஒரு கருத்துக்கணிப்பு நடத்தினேன். 120 வாசகர்கள் பதில் சொன்னார்கள். அவர்களில் 54 பேர் இட்லி மாவைக் கடையில்தான் வாங்குகிறார்கள். ‘தமிழ்நாட்டில் 45 சதவீதம் பேர் கடை மாவு’ என்று தலைப்பு வைக்கலாமா?

வேண்டாம். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 120 பேர் என்றாலே ஏறத்தாழ 9 சதவீதப் புள்ளிகள் கூடவோ குறையவோ இடமுண்டு; அதாவது உண்மை 36 முதல் 54 சதவீதம் வரை எதுவாகவும் இருக்கலாம். உங்களுக்குப் பதில் சொன்னவர்களோ சமையல் குறிப்பு தேடி வந்தவர்கள். மாவரைக்கும் ஆர்வம் அவர்களுக்குச் சற்று அதிகமாகவே இருக்கும். ஆயிரம் பேரைக் கேட்டாலும் இந்தச் சாய்வு போகாது.

‘எங்கள் வாசகர்கள் 120 பேரில் 54 பேர்’ என்றே எழுதுங்கள். கேட்ட கேள்வியை எழுத்து மாறாமல், கேட்ட தேதிகளோடும் ஆள் சேர்த்த விதத்தோடும் கீழே கொடுங்கள். மேற்கோள் காட்ட வரும் பத்திரிகையாளர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கருத்துக்கணிப்புக்கு ஆள் கிடைக்கவில்லை. வேறு வழி?

சோதனை செய்யுங்கள். உப்பை அரைத்தவுடன் போடுவதா, புளித்த பிறகா என்பது வீட்டுக்கு வீடு நடக்கும் வழக்கு. ஒரே மாவை ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் ஊற்றி, ஒன்றில் மட்டும் உப்புச் சேருங்கள். தொடக்க மட்டத்தில் நாடா ஒட்டி, மணிக்கொரு முறை உயரத்தையும் அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். வேறு வேறு நாட்களில் மூன்று முறையாவது செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் பாட்டில்களை இடம் மாற்றி வையுங்கள். அடுப்புப் பக்கம் இருந்த மாவு முந்திக்கொண்டால் அது உப்பின் வேலையல்ல. மூன்று முறையும் முடிவு வேறுபட்டால் அதையும் அப்படியே வெளியிடுங்கள்.

எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு இணைப்புத் தராமல் போய்விட மாட்டார்களா?

சிலர் போவார்கள். ஆனால் எண்ணுக்குச் சான்று காட்ட வேண்டியவர் இணைப்புத் தந்தே ஆக வேண்டும். பேக்பிளேஸ் நிறுவனம் தன் தரவு மையத்து ஹார்டு டிஸ்குகள் பழுதாகும் விகிதத்தை 2013 முதலான தரவோடு வெளியிட்டுவருகிறது. எந்த மாடல், எத்தனை டிஸ்குகள், எத்தனை நாள் ஓடின, கணக்கிட்ட முறை என்ன என்பதெல்லாம் அதில் உண்டு. மூலத் தரவையே இறக்கிக்கொள்ளலாம். அப்படி ஒரு பட்டியல் வேறெங்கும் எளிதில் கிடைக்காததால், டிஸ்க் பற்றி எழுதுபவர்கள் அங்கேதான் போகிறார்கள்.

உங்கள் பக்கத்தின் தொடக்கத்திலேயே நீங்கள் கண்ட முடிவு ஒரே வாக்கியத்தில் இருக்கட்டும். ஆண்டுதோறும் புதுப்பிப்பதாக இருந்தால் முகவரியில் ஆண்டைச் சேர்க்காதீர்கள்: `/idli-maavu-survey/` போதும். அப்போது பழைய இணைப்புகள் எல்லாம் ஒரே பக்கத்துக்கு வந்துகொண்டிருக்கும்.

வெளியிட்டு இரண்டு மாதம் ஆகிறது, ஒரு இணைப்பும் வரவில்லை.

யாருக்குச் சொன்னீர்கள்? ‘உப்புப் போட்டால் மாவு சீக்கிரம் புளிக்கும் என்பார்கள்’ என்று சான்றில்லாமல் எழுதியுள்ள கட்டுரைகளைத் தேடுங்கள். அவற்றை எழுதியவர்களுக்கு உங்கள் முடிவையும் வரைபடத்தையும் நான்கு வரியில் அனுப்புங்கள். பணம் தருவதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய இணைப்பில் `rel="sponsored"` அல்லது `rel="nofollow"` என்று குறிக்க வேண்டும் என்பது கூகுளின் விதி.