சம்ப் மோட்டாருக்கு இரண்டு ஃப்ளோட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் சம்பை நிரப்பி, அதை மாடித் தொட்டிக்கு ஏற்றி வைத்துக்கொள்வதுதான் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பெரும்பாலான வீடுகளின் நடைமுறை. தண்ணீர் மட்டத்துக்கேற்ப மிதந்து சாயும் ஃப்ளோட் சுவிட்சால் அந்த மோட்டாரைத் தானாக ஓடவும் நிற்கவும் வைப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சம்பில் ஒன்று, மாடித் தொட்டியில் ஒன்று என இரண்டு கேபிள் ஃப்ளோட் வாங்கிவிட்டேன். இரண்டையும் எப்படி இணைப்பது? மோட்டார் 1 ஹெச்.பி. மோனோபிளாக். – பாலக்கோடு வாசகர்

இரண்டும் ஒரே வரிசையில், அதாவது சீரிஸில் வர வேண்டும். சம்பில் தண்ணீர் இருக்கிறது என்று கீழ் ஃப்ளோட்டும், மேலே இடம் இருக்கிறது என்று மேல் ஃப்ளோட்டும் ஒரே நேரத்தில் சொன்னால்தான் மோட்டார் ஓடும். கீழ் ஃப்ளோட் மிதந்து மேலே எழும்போது கான்டாக்ட் சேர வேண்டும். மேல் ஃப்ளோட் தொங்கும்போது சேர்ந்து, மிதந்து எழும்போது பிரிய வேண்டும்.

ஒரே ஃப்ளோட்டை இரண்டு விதமாகவும் பயன்படுத்தலாம். உள்ளே மூன்று ஒயர் இருக்கும். பெரும்பாலும் கறுப்பு பொதுவானது. மற்ற இரண்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் நிறத்தை நம்பாதீர்கள். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, ஃப்ளோட்டைத் தொங்கவிட்டு ஒருமுறை, தலைகீழாகத் தூக்கிப் பிடித்து ஒருமுறை பாருங்கள். எந்த ஜோடி எப்போது பீப் அடிக்கிறது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பயன்படுத்தாத மூன்றாவது ஒயரை அப்படியே விடக் கூடாது. ஃப்ளோட் திரும்பும் நேரத்தில் அதிலும் கரண்ட் வரும், எனவே தனியாக மூடிவிடுங்கள்.

ஃப்ளோட் வழியாக மோட்டார் கரண்டை நேராக அனுப்பாதீர்கள். காரணத்தைக் கீழே ஓசூர் வாசகருக்கான பதிலில் சொல்லியிருக்கிறேன். 230 வோல்ட் காயில் உள்ள ஒரு கான்டாக்டர் வையுங்கள்; காயிலுக்குக் கரண்ட் கிடைத்தால் மோட்டார் லைனைச் சேர்க்கும் பெரிய சுவிட்ச் அது. பேஸ் ஒயர் முதலில் சம்ப் ஃப்ளோட், பிறகு மாடி ஃப்ளோட், பிறகு ஓவர்லோட் ரிலேயின் 95–96 முனைகள், கடைசியில் காயிலின் A1 என்று போகட்டும். A2 நேராக நியூட்ரலுக்கு. மோட்டாரின் கரண்ட் கான்டாக்டரின் பெரிய முனைகள் வழியே தனியாகப் போகும். இப்படிச் செய்தால் மொட்டை மாடி வெயிலில் ஒயர் வெடித்து அறுந்தாலும் மோட்டார் ஓடாமல் நிற்கும். தண்ணீர் வழிவதையும் மோட்டார் எரிவதையும் விட அது எவ்வளவோ மேல்.

இன்னொன்று. ஆட்டோ, மேனுவல் என்று ஒரு சுவிட்ச் வைக்கும் வழக்கம் இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மேனுவலில் போட்டால் மாடி ஃப்ளோட் மட்டும்தான் விலக வேண்டும். சம்ப் ஃப்ளோட்டைச் சுற்றிக்கொண்டு போகும் வழி எந்த நிலையிலும் இருக்கக் கூடாது. ஆட்டோ வேலை செய்யவில்லை என்று மேனுவலில் போட்டுவிட்டுக் கடைக்குப் போன வீடுகளில்தான் மோட்டார் அதிகம் எரிகிறது.

சம்பில் தண்ணீர் குறைந்ததும் மோட்டார் இரண்டு நிமிடம் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதுதான் இப்படி. ஃப்ளோட் கெட்டுவிட்டதா? – காவேரிப்பட்டணம் வாசகர்

ஃப்ளோட் நன்றாகத்தான் இருக்கிறது, கட்டிய விதம்தான் தவறு. நீங்கள் அனுப்பிய படத்தில் ஃப்ளோட்டின் கேபிளை அதன் கழுத்தருகிலேயே சக்ஷன் பைப்பில் கட்டியிருக்கிறார்கள். அசைய இடமே இல்லை. 3 செ.மீ. தண்ணீர் ஏறினால் ஆன், 3 செ.மீ. இறங்கினால் ஆஃப்.

உங்கள் சம்பின் தரை 2 மீட்டருக்கு 1.5 மீட்டர். அப்படியானால் 10 செ.மீ. உயரத்துக்கு 300 லிட்டர், 3 செ.மீ.க்கு 90 லிட்டர்தான். நிமிடத்துக்கு 40 லிட்டர் ஏற்றும் மோட்டாருக்கு அது இரண்டு நிமிட வேலை. பிறகு குழாய்த் தண்ணீர் அந்த 90 லிட்டரை நிரப்பும், மோட்டார் மறுபடி கிளம்பும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஓட்டக் கரண்டைப் போல நாலைந்து மடங்கு இழுக்கும். ஸ்டார்ட்டிங் வைண்டிங்கும் கெப்பாசிட்டரும் அதிலேயே சூடேறிப் போகும்.

எங்கே நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சக்ஷன் பைப்பின் அடிமுனையில் உள்ள உங்கள் ஃபுட் வால்வ் தரையிலிருந்து 15 செ.மீ. மேலே இருக்கிறது, அதன் சல்லடையின் மேல்முனை ஏறக்குறைய 30 செ.மீ. உயரத்தில் வரும். அதற்கு மேல் குறைந்தது 20 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் மேற்பரப்பில் சுழி விழுந்து காற்றையும் சேர்த்து இழுக்கும். ஆகவே மோட்டார் நிற்கும் மட்டம் 50 செ.மீ.

எப்போது கிளம்ப வேண்டும்? மாடித் தொட்டி 1000 லிட்டர் என்கிறீர்கள். ஒருமுறை கிளம்பினால் அதை முழுவதும் நிரப்பும் அளவுக்குச் சம்பில் இருப்பு வேண்டும். 40 செ.மீ. இடைவெளி கொடுத்தால் 1200 லிட்டர், போதும். எனவே கிளம்பும் மட்டம் 90 செ.மீ.

இதை ஃப்ளோட்டில் கொண்டுவர, கேபிளில் கோர்க்கும் எடைக்குண்டை ஃப்ளோட்டிலிருந்து 25 முதல் 30 செ.மீ. தள்ளி இறுக்குங்கள். குண்டு தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் தொங்கட்டும். ஃப்ளோட் அந்தப் புள்ளியைச் சுற்றி மேலும் கீழும் சாயும், இடைவெளி சுமார் 40 செ.மீ. வரும். மாடலுக்கு மாடல் சாயும் கோணம் வேறு என்பதால், தண்ணீர் ஏறி இறங்கும்போது சுவரில் சாக்பீஸால் இரண்டு மட்டத்தையும் குறித்துப் பார்த்து, வேண்டுமானால் குண்டை நகர்த்துங்கள். ஃப்ளோட்டைச் சுற்றி அரை மீட்டராவது காலியாக இருக்கட்டும். சுவர், ஏணிக் கம்பி, சக்ஷன் பைப் எதிலும் சிக்கக் கூடாது. குழாய்த் தண்ணீர் வந்து விழும் மூலையிலும் வேண்டாம், அலையிலேயே ஆடிக்கொண்டிருக்கும்.

அடியில் நிற்கும் 50 செ.மீ., அதாவது 1500 லிட்டர், வீணாகிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கவலைதான். புதிதாகச் சம்ப் கட்டுபவர்கள் தரையில் ஒன்றரை அடிச் சதுரத்தில் 30 செ.மீ. ஆழக் குழி ஒன்று விட்டு ஃபுட் வால்வை அதற்குள் இறக்கினால் நிற்கும் மட்டத்தைத் தரையிலிருந்து 20 செ.மீ.க்குக் கொண்டுவந்துவிடலாம். சுமார் 900 லிட்டர் மிச்சம். கழுவும்போது சேறு சேரும் இடமும் அதுவே. கட்டி முடித்த சம்பில் அந்த மிச்சத்தை வாளியில்தான் மொள்ள வேண்டும். மட்டத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

மாடித் தொட்டியில் ஃப்ளோட் இருந்தும் தண்ணீர் வழிகிறது. தட்டினால் சில சமயம் நிற்கிறது. – ஓசூர் வாசகர்

தட்டினால் நிற்கிறது என்றால் உள்ளே கான்டாக்ட் ஒட்டிக்கொள்கிறது. உங்கள் எலக்ட்ரீஷியன் மோட்டார் கரண்டை நேரடியாக ஃப்ளோட் வழியே விட்டிருக்கிறார். ஃப்ளோட்டின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் ஆம்பியர் ஹீட்டர் போன்ற சுமைக்கானது. மோட்டாருக்கு அடைப்புக்குறிக்குள் சிறியதாக இருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 1 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போதே சுமார் 6 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது 30ஐத் தொடும். அந்தப் பொறியில் கான்டாக்ட் உருகி ஒட்டுகிறது. ஃப்ளோட்டை மாற்றி, கூடவே கான்டாக்டர் போடுங்கள். கான்டாக்டர் இல்லாமல் ஃப்ளோட்டை மட்டும் மாற்றினால் மறுபடி இதே கதைதான்.

சம்பில் பாதித் தண்ணீர் இருந்தது, ஃப்ளோட்டும் சரி. ஆனாலும் மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடி சீல் கருகிவிட்டது. எப்படி? – அரூர் வாசகர்

சம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டுமே ஃப்ளோட்டுக்குத் தெரியும். பம்புக்குள் தண்ணீர் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. மோட்டார் சம்புக்கு மேலே இருக்கும் வீடுகளில் ஃபுட் வால்வ் கசிந்தால் இரவோடு இரவாகப் பைப்பில் நின்ற தண்ணீர் இறங்கிவிடும். காலையில் மோட்டார் கிளம்பும், காற்றைத்தான் சுழற்றும். மெக்கானிக்கல் சீலுக்குக் குளிர்ச்சி தருவது தண்ணீர்தான், அது இல்லாமல் சில நிமிடங்களிலேயே சீல் போய்விடும். பம்பின் தலை தொட முடியாமல் சுட்டதா, பி.வி.சி. பைப் முனை வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

ஓவர்லோட் ரிலே ஏன் காப்பாற்றவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். தண்ணீர் இல்லாதபோது சுமை இல்லை, கரண்ட் குறையத்தான் செய்யும். ஓவர்லோட் ரிலே கூடுவதை மட்டுமே பார்க்கும்.

ஃபுட் வால்வைச் சோதிக்க, பிரைமிங் கப்பில் தண்ணீர் ஊற்றி நிரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் வால்வோ சக்ஷன் ஜாயின்ட்டோ கசிகிறது. அதைச் சரி செய்த பிறகு, கரண்ட் குறைந்தால் நிறுத்தும் டிரை ரன் ரிலே ஒன்றைச் சேருங்கள். கிளாம்ப் மீட்டரில் தண்ணீர் ஏறும்போது உள்ள கரண்டையும், தண்ணீர் இல்லாமல் ஐந்து விநாடி ஓடவிட்டு அப்போதுள்ள கரண்டையும் பாருங்கள். முன்னது 6.2, பின்னது 4.3 என்றால் 5.2க்கு அருகில் செட் செய்யலாம். மாலையில் வோல்டேஜ் இறங்கும் பகுதி என்றால் அந்த நேரத்திலும் ஒருமுறை அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். பத்து விநாடி தாமதம் கொடுத்தால் போதும்.

ஸ்டீல் கம்பி சென்சார் வைத்த கன்ட்ரோலர் ஆறு மாதத்தில் வேலை செய்யவில்லை. போர் தண்ணீர்தான் ஏற்றுகிறோம். – பென்னாகரம் வாசகர்

கம்பியில் வெள்ளைப் பொருக்குப் படிந்திருக்கும். அது கரண்டைத் தடுப்பதால் தண்ணீர் இருந்தும் இல்லை என்று கன்ட்ரோலர் நினைக்கிறது. வினிகரில் ஊற வைத்துத் தேய்த்தால் சிறிது காலம் ஓடும். உங்கள் பகுதியின் உப்புத் தண்ணீருக்குக் கேபிள் ஃப்ளோட்தான் என் தேர்வு. அதற்குள் தண்ணீர் போகாது, பொருக்குப் படிந்தாலும் சாய்வது நிற்காது.

மாடித் தொட்டித் தண்ணீரைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. – ஊத்தங்கரை வாசகர்

மெயினை இறக்கிவிட்டுத்தான் மேற்கொண்டு படியுங்கள். வீட்டில் யாரும் அந்தக் குழாய்களைத் தொட வேண்டாம். எலக்ட்ரீஷியன் வந்ததும் மூன்று இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டிக்குள் ஃப்ளோட் கேபிளில் ஒட்டுப் போட்டு டேப் சுற்றியிருக்கிறார்களா, கேபிள் உறை எங்காவது வெடித்திருக்கிறதா, ஃப்ளோட் பேஸை வெட்டுகிறதா நியூட்ரலை வெட்டுகிறதா. நியூட்ரலை வெட்டினால் மோட்டார் நின்ற பிறகும் காயில் வழியாக ஃப்ளோட் வரை கரண்ட் வந்து நிற்கும். ஒட்டு எதுவாக இருந்தாலும் தொட்டிக்கு வெளியே, மூடிய பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். கேபிள் எட்டவில்லை என்றால் நீளமான கேபிள் உள்ள ஃப்ளோட்டை வாங்குங்கள்.

கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இந்த லைனுக்குக் கட்டாயம். அதற்கு மேலும் செய்ய முடிந்தால், ஃப்ளோட் வரிசையை 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டி, 24 வோல்ட் ரிலே மூலம் கான்டாக்டரை இயக்குங்கள். தண்ணீருக்குள் போகும் ஒயரில் 230 வோல்ட்டே இருக்காது. வேலை முடிந்ததும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை உங்கள் எதிரிலேயே அழுத்திக் காட்டச் சொல்லி, அது விழுந்தால் மட்டும் மெயினைப் போடுங்கள்.