மூன்று தகவல், ஒரு சொல்: விருந்தினர் அறிமுக உரை குறித்த கேள்விகளும் பதில்களும்

கேள்வி: உவர் நிலச் சீரமைப்பைப் பற்றிப் பேச வரும் மண்ணியல் அறிஞர் ஒருவரை நான் அறிமுகம் செய்ய வேண்டும். அவர் அனுப்பிய தன்விவரக் குறிப்பில் பட்டங்கள், ஆசிரியப் பணி, அவர் அமைத்த மண் ஆய்வுக்கூடம், நூல்கள், விருதுகள், குழு உறுப்பினர் பதவிகள், வெளிநாட்டுப் பயணங்கள், உழவர்களுக்கு வயலிலேயே அளித்த பயிற்சி என எட்டுச் செய்திகள் உள்ளன. இவற்றில் மூன்றை எப்படித் தேர்வது?

பெருமையில் எது பெரியது என்று எடைபோட்டுத் தேராதீர்கள். அப்படித் தேர்ந்தால் விருதும் பதவியும்தான் முன்னே வந்து நிற்கும், அவை யாருடைய அறிமுகத்துக்கும் பொருந்திவிடும். "இந்தத் தலைப்பில் பேச இவரை ஏன் அழைத்தோம்?" என்ற ஒரே கேள்வியை எட்டுச் செய்திகளிடமும் கேளுங்கள். உவர் நிலத்தைப் பொறுத்தவரை ஆசிரியப் பணி, ஆய்வுக்கூடம், வயல் பயிற்சி ஆகிய மூன்று மட்டுமே இதற்கு நேராக விடை சொல்கின்றன. மற்ற ஐந்தையும் அழைப்பிதழில் அச்சிடலாம், இல்லையெனில் விட்டுவிடலாம்.

அடுத்து, மூன்றையும் கோக்க ஒரு சொல் வேண்டும். "இவர்" என்று மூன்று முறை தொடங்குவதே பலருடைய வழக்கம். ஆனால் "இவர்" என்ற சொல்லில் நினைவில் தங்குவதற்கு ஒன்றுமில்லை. பேச்சின் பொருளையே திரும்பி வரும் சொல்லாக வைத்தால், அறிமுகம் முடியும்போது அவையினர் தலைப்புக்குள் பாதி வந்துவிட்டிருப்பார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

"உவர் நிலத்தைப் பாடமாகக் கற்பித்தவர், உவர் நிலத்து மண்ணை ஆய்வுக்கூடத்தில் சோதித்தவர், உவர் நிலத்தில் உழவர்களோடு இறங்கி நின்று, அதை மீண்டும் விளைய வைத்தவர்..." இதைத் தொடர்ந்து அவருடைய பெயர்.

இங்கே வரிசையை மாற்ற முடியாது என்பதைக் கவனியுங்கள். வகுப்பறையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கும், அங்கிருந்து வயலுக்கும் செய்தி நகர்கிறது. ஒவ்வொரு பகுதியும் முந்தையதைவிடச் சற்று நீள்கிறது. முதல் இரண்டு பகுதிகளிலேயே கேட்பவர் அமைப்பைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவதால், அந்த எதிர்பார்ப்பைத் தாங்கும் கனம் மூன்றாவதற்கு இருக்க வேண்டும். வயலை முதலில் சொல்லி, வகுப்பறையைக் கடைசியில் வைத்துப் படித்துப் பாருங்கள். சொற்கள் அவையே, ஆனால் உரை சரிந்துவிடும்.

"மண்ணை அறிந்தவர் பலர், ஆராய்ந்தவர் சிலர், மீட்டவர் ஒருவர்" என்று எழுதவும் கை துடிக்கும். ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த "ஒருவர்" உண்மையன்று. அதே துறையைச் சேர்ந்தவர்கள் அவையில் இருந்தால், விருந்தினர் நெளிவார். ஓசைக்காக உண்மையை வளைக்கும் மூன்றை நான் ஏற்பதில்லை.

கேள்வி: சொன்னதையே சொல்வது குற்றம் என்று படித்திருக்கிறோம். ஒரே சொல் மூன்று முறை வந்தால் சொல்வளம் இல்லாதவர் எழுதியது போலத் தோன்றாதா?

நன்னூல் பத்துக் குற்றங்களில் ஒன்றாகக் "கூறியது கூற"லைச் சொல்வது உண்மையே. அங்கே குற்றமாவது, புதிதாக எதையும் சேர்க்காமல் அதே கருத்தை மறுபடி சொல்வது. முன்வந்த சொல்லோ பொருளோ பின்னும் வருவதைத் தண்டியலங்காரம் பின்வருநிலையணி என்று அணியாகவே வகுக்கிறது. "எல்லா விளக்கும் விளக்கல்ல சான்றோர்க்குப் பொய்யா விளக்கே விளக்கு" என்ற குறளில் ஒரே சொல் நான்கு முறை வருகிறது. ஆயினும் எந்த இடத்திலும் அது சும்மா நிற்கவில்லை. ஒன்றை எடுத்துவிட்டாலும் கருத்து குறைந்துவிடும்.

உங்கள் வரைவையும் இப்படியே சோதிக்கலாம். திரும்பி வரும் சொல்லை மறைத்துவிட்டு எஞ்சியவற்றை மட்டும் படியுங்கள். கற்பித்தல், சோதித்தல், விளைய வைத்தல் என மூன்று வெவ்வேறு செயல்கள் எஞ்சினால் அது அணி. "சிறந்தவர், உயர்ந்தவர், மேன்மையானவர்" என்று எஞ்சினால், ஒரே செய்தியை மூன்று முறை சொல்லியிருக்கிறீர்கள்.

சொல்வளத்தைக் காட்டுவதற்காக "உவர் நிலம்", "உப்பு மண்", "களர்" என்று மாற்றி மாற்றிச் சொல்வதையும் தவிர்க்கலாம். காதுக்குப் பிடி கொடுப்பது ஒரே சொல்தான்; போதாதற்கு, துறை அறிந்தவர்கள் உவரையும் களரையும் வேறு வேறாகவே பார்ப்பார்கள். வேற்றுமை உருபு மாறுவதில் தடையில்லை. "நிலத்தை", "நிலத்து", "நிலத்தில்" என்று வந்தாலும் முன்பகுதி மாறாததால் காது அதை ஒரே சொல்லாகவே கேட்கும்.

கேள்வி: நான் எழுதும் வாக்கியங்கள் எல்லாம் "படித்தார், எழுதினார், பெற்றார்" என்றே முடிகின்றன. இதுவும் ஒருவகை ஓசைதானே? ஆனால் கேட்கச் சலிப்பாக இருக்கிறதே, ஏன்?

தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், ஒருவரைப் பற்றி மரியாதையாக எதைச் சொன்னாலும் "ஆர்" தானாகவே வந்து சேர்கிறது. எல்லோருக்கும் எப்போதும் கிடைக்கும் ஓசை என்பதால் காது அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே, வேண்டுமென்று திருப்பிச் சொல்லும் சொல்லை வாக்கியத்தின் தொடக்கத்தில் வையுங்கள்.

முடிவுக்கு இன்னொரு வழி உண்டு. "கற்பித்தார்" என்றால் வாக்கியம் அங்கேயே மூடிக்கொள்கிறது. "கற்பித்தவர்" என்று வினையாலணையும் பெயராக்கினால் அது மூடாமல் நிற்கிறது. அந்த "அவர்" யார் என்ற கேள்வி மூன்று பகுதிகளிலும் தொடர்ந்து, பெயரைச் சொல்லும்போதுதான் தீர்கிறது. மேலே உள்ள எடுத்துக்காட்டில் "அவர்" என்ற முடிவைத் தேர்ந்தது இதற்காகவே. பெயரை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் இந்தப் பயன் போய்விடும். அழைப்பிதழில் பெயரை எல்லோரும் பார்த்திருந்தாலும் கவலை வேண்டாம், இறுதியில் சொல்வதன் நிறைவு குறைவதில்லை.

கேள்வி: சொல்வதற்கு நான்கு முக்கியச் செய்திகள் இருந்தால்?

இரண்டை இணைத்து மூன்றாக்குங்கள். நூல் எழுதியதும் கற்பித்ததும் ஒரே பகுதியில் அடங்கும். இணைக்க முடியாத நான்காவதை, அமைப்பு முடிந்த பிறகு சாதாரண வாக்கியமாகச் சொல்லிவிடலாம். இரண்டே செய்திகள் இருந்தால் இரண்டோடு நில்லுங்கள். எண்ணிக்கைக்காக நுழைக்கப்பட்ட மூன்றாவதை அவை உடனே கண்டுகொள்ளும்.

கேள்வி: ஓர் அறிமுகத்தில் இத்தகைய மூன்றடுக்கை எத்தனை முறை பயன்படுத்தலாம்?

ஒரு நிமிட அறிமுகத்துக்கு ஒன்று போதும். இரண்டாவது மூன்றடுக்கு வந்தவுடனே, கேட்பவர் செய்தியை விட்டுவிட்டு உங்கள் உத்தியைக் கவனிக்கத் தொடங்குவார். அதற்கு முன்னும் பின்னும் வரும் வாக்கியங்கள் அலங்காரமில்லாமல் இருந்தால்தான் அது எடுபடும்.

கேள்வி: எழுத்தில் நன்றாக இருக்கிறது, மேடையில் சொல்லும்போது எடுபடவில்லை. எங்கே பிழை?

பெரும்பாலும் மூன்றாவது பகுதியில்தான். அது நீளமாக இருப்பதால் நடுவில் மூச்சு தீர்ந்து, குரல் தாழ்ந்து, பெயர் விழுங்கப்பட்டுவிடும். இரண்டாவது பகுதி முடிந்ததும் மூச்சை நிறைத்துக்கொண்டு, "இறங்கி நின்று" என்ற இடத்தில் சிறிது தயங்கிப் பின் தொடருங்கள். "விளைய வைத்தவர்" என்றவுடன் சிலர் கைதட்டத் தொடங்கிவிடுவார்கள். அது அடங்கும்வரை காத்திருந்து, பிறகு பெயரை முழுதாகவும் தெளிவாகவும் சொல்லுங்கள்.

முன்கூட்டியே சோதிக்க விரும்பினால், வீட்டில் ஒருவருக்கு ஒரு முறை மட்டும் சொல்லிக் காட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, விருந்தினர் என்ன செய்பவர் என்று கேளுங்கள். வகுப்பு, ஆய்வுக்கூடம், வயல் என்று அவர் சொன்னால் உரை ஆயத்தம். "ஏதோ அழகாகச் சொன்னீர்கள்" என்றால் செய்திகளை மறுபடி தேர்வு செய்யுங்கள்.