பத்தாம் வகுப்புக் கணிதம்: தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் வகுப்பில் என்ன சொல்வது?

கேள்வி: பத்தாம் வகுப்பின் வகுப்பாசிரியராகவும் கணித ஆசிரியராகவும் இருக்கிறேன். பொதுத்தேர்வுக்கு ஒரு வாரமே உள்ளது. மாணவர்களிடம் பத்து நிமிடம் பேச வேண்டும். எதைப் பேசலாம்?

பேசுவதற்கு முன், கடைசித் திருப்புதல் தேர்வின் விடைத்தாளை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிடுங்கள். "நன்றாகப் படியுங்கள்" என்று சொல்வதற்கு அந்த நேரத்தைச் செலவிட வேண்டாம். மதிப்பெண்களை வினாத்தாளின் நான்கு பகுதிகளாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 14, இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு 20, ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு 50, எட்டு மதிப்பெண் வினாக்களுக்கு 16.

42 மதிப்பெண் எடுத்த மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவனுடைய மதிப்பெண்கள் முறையே 8, 10, 17, 7 என்று வைத்துக்கொண்டால், ஒரு வாரத்தில் ஐந்து மதிப்பெண் பகுதியை முழுவதும் சரிசெய்துவிட முடியாது. ஆனால் புத்தகத்தின் பயிற்சிகளில் உள்ள ஒரு மதிப்பெண் வினாக்களைத் தினமும் ஒரு பாடம் வீதம் போட்டுப் பார்த்தால் 8 என்பது 12 ஆகலாம், எட்டு மதிப்பெண் வினாக்களாக வரும் செய்முறை வடிவியலையும் வரைபடத்தையும் நாள்தோறும் ஒவ்வொன்று வரைந்து பழகினால் 7 என்பதும் 12 ஆகலாம். இரண்டு மதிப்பெண்ணில் நான்கும், ஐந்து மதிப்பெண்ணில் ஐந்தும் கூடினால் மொத்தம் 60 வரும். அவனிடம் இந்த 60-ஐச் சொல்லுங்கள், 90-ஐச் சொல்லாதீர்கள். 90 என்று கேட்டவன், தொடாத பாடத்தைத் தொடங்கி, தெரிந்ததையும் கோட்டைவிடுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன்.

முதலில் வருவது தமிழ்த் தேர்வு என்பதால், கணிதத்திற்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கேட்காதீர்கள். கணித ஆசிரியர்களான நமக்கு இது சற்றுக் கசப்பாகத்தான் இருக்கும்.

கேள்வி: வரைபடம் எளிது என்கிறார்கள். எனக்கோ ஒவ்வொரு முறையும் வளைவு கோணலாகவே வருகிறது. ஏன்?

பெரும்பாலும் தவறு கையில் இல்லை, அட்டவணையில் இருக்கிறது. y = x² + x − 2 என்பதற்கு x-இன் மதிப்பை −3 முதல் 2 வரை எடுத்தால் y-இன் மதிப்புகள் 4, 0, −2, −2, 0, 4 என வரும். இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். (−3)² என்பதை −9 என்று எழுதிவிட்டால் முதல் மதிப்பு 4-க்குப் பதிலாக −14 ஆகிவிடும். அந்தச் சமச்சீர் குலைந்ததைக் கொண்டே, புள்ளி வைப்பதற்கு முன் பிழையைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் x-இன் மதிப்புகளைப் பரவளையத்தின் சமச்சீர் அச்சுக்கு இருபுறமும் சமமாக எடுத்தால்தான் இந்தச் சோதனை பலிக்கும். இங்கே அந்த அச்சு x = −½.

அச்சுகளின் பெயரையும் அளவுத்திட்டத்தையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். புள்ளிகளை அளவுகோலால் இணைக்காமல், கையால் சீரான வளைவாக வரையுங்கள். இந்த எடுத்துக்காட்டில் வளைவு x அச்சை −2-இலும் 1-இலும் வெட்டுகிறது. x² + x − 2 = 0 என்ற சமன்பாட்டின் தீர்வுகள் இவையே என்பதைத் தனியே எழுத மறந்து மதிப்பெண்ணை இழப்பவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: இரவு ஒரு மணி வரை விழித்திருந்தால்தான் எனக்குப் படிப்பு ஏறுகிறது. இந்த வாரமும் அப்படியே தொடரலாமா?

வேண்டாம். தேர்வறையில் காலை 10 மணிக்கு வினாத்தாள் தரப்படும், 10.15 முதல் 1.15 வரை எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்தில் ஒரு முழு வினாத்தாளைக் கடிகாரம் பார்த்து எழுதுங்கள்: ஒரு மதிப்பெண்ணுக்கு 15 நிமிடம், இரண்டு மதிப்பெண்ணுக்கு 40, ஐந்து மதிப்பெண்ணுக்கு 80, வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் சேர்த்து 30, சரிபார்க்க 15. ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்று பத்து நிமிடத்தைத் தாண்டினால், எழுதிய படிகளை அப்படியே விட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். சரியான படிகளுக்கும் மதிப்பெண் உண்டு என்பதால் எதையும் அடித்துவிட வேண்டாம்.

கேள்வி: மகள் 93 எடுக்கிறாள். சென்டம் எடுக்க இந்த ஒரு வாரத்தில் என்ன செய்யலாம்?

அவள் இழந்த ஏழு மதிப்பெண்ணும் எங்கே போயின என்று விடைத்தாளில் பாருங்கள். குறியீட்டுப் பிழை, அலகு எழுதாமை, வினா எண்ணைத் தவறாக இடுதல் ஆகியவை என்றால், கடைசிப் பதினைந்து நிமிடச் சரிபார்ப்பில் அவற்றைப் பிடித்துவிடலாம். கட்டாய வினாக்களான 28, 42 ஆகியவற்றில் இழந்திருந்தால், புதிய வழிகாட்டி நூல் எதையும் வாங்காமல், முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களில் அந்த இரண்டு எண்களுக்குரிய கணக்குகளை மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 28 மதிப்பெண்தான் வருகிறது. தேர்ச்சி பெறுவேனா?

தேர்ச்சிக்கு 35 வேண்டும், உனக்குக் குறைவது ஏழு. எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டும் 'அல்லது' வகையைச் சேர்ந்தவை. ஆகவே வடிவியலில் வடிவொத்த முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு, முக்கோணம் அமைத்தல் ஆகியவற்றையும், வரைபடத்தில் இருபடிச் சமன்பாடு, மாறுபாடு ஆகியவற்றையும் மட்டும் எடுத்துக்கொண்டு, நாளொன்றுக்கு இரண்டு வீதம் வரைந்து ஆசிரியரிடம் காட்டு. உதவிப்படத்தையும் விட்டுவிடாதே.