டிசம்பர் ஏற்றத்தை நம்பி நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: கடந்த 20 ஆண்டுகளில் 15 டிசம்பர் மாதங்களில் நிஃப்டி உயர்ந்ததாகவும், சராசரி ஏற்றம் 2 சதவீதம் என்றும் ஒரு கட்டணச் செயலி காட்டுகிறது. மைத்துனர் சொன்னதால் இரண்டு ஆண்டுகளாக நவம்பர் இறுதியில் மனைவியின் நகையை அடகு வைத்து, 5 லட்சம் ரூபாய்க்கு நிஃப்டி ஈடிஎஃப் வாங்கி டிசம்பர் இறுதியில் விற்கிறேன். சென்ற முறை நட்டம். இம்முறை 10 லட்சம் போடச் சொல்கிறார். பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் சிக்கல் டிசம்பர் அல்ல, நகைக்கடன். செயலியின் எண்களை அப்படியே ஏற்றாலும் 5 லட்சத்துக்கு 10,000 ரூபாய் லாபம். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்றால் ஒரு மாதத்துக்கு 5,000, குறுகிய கால மூலதன ஆதாய வரி 20 சதவீதம் 2,000. மிஞ்சுவது 3,000. டிசம்பரில் 6 சதவீதம் இறங்கினாலோ, 30,000 ரூபாயுடன் வட்டியும் போய்விடும்.

இனி அந்த 15-ஐப் பார்ப்போம். எந்த மாதமும் உயர்வதற்கு 10-இல் 6 வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொண்டால், ஒரு குறிப்பிட்ட மாதம் 20-இல் 15 முறையோ அதற்கு மேலோ தற்செயலாக உயர்வதற்கான வாய்ப்பு எட்டில் ஒன்று. ஆனால் செயலி 12 மாதங்களையும் அலசிவிட்டு, சிறந்ததை மட்டுமே உங்களுக்குக் காட்டியிருக்கிறது. 12-இல் ஏதாவது ஒன்று அப்படி அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 80 சதவீதம். சந்தா வசூலிப்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

சராசரியும் ஏமாற்றும். 2009 மே மாதத்தில் தேர்தல் முடிவுக்குப் பின் நிஃப்டி ஒரே மாதத்தில் சுமார் 28 சதவீதம் உயர்ந்தது. அது இடம்பெறும் எந்த 20 ஆண்டுச் சராசரியிலும், அந்த ஒரு மே மாதமே 1.4 சதவீதத்தைச் சேர்த்துவிடும். ஆகவே மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த ஆண்டுகளை நீக்கிப் பார்க்க வேண்டும்.

நம்பகமான சோதனை ஒன்று உண்டு. 240 மாதங்களின் ஏற்ற இறக்கங்களை எக்செல்லில் இட்டு, மாதப் பெயர்களை மட்டும் கலைத்துப் போட்டு, ஒவ்வொரு முறையும் 12 சராசரிகளில் மிகப் பெரியதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதை ஆயிரம் முறை செய்தபின், உண்மையான டிசம்பர் சராசரியை எட்டியவை 50-க்கு மேல் இருந்தால், அந்தப் போக்கை நம்பக் காரணமில்லை. முதல் 10 ஆண்டுகளில் தேர்ந்த மாதம் அடுத்த 10 ஆண்டுகளிலும் முன்னிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

மாத ஏற்ற இறக்கம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் 6 சதவீதம் எனக் கொண்டால், வழக்கமான மாதத்தைவிட டிசம்பர் 1 சதவீதம் அதிகம் தருகிறது என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல சுமார் 144 டிசம்பர்கள் தேவை. அவ்வளவு தரவு நம்மிடம் இல்லை; சென்செக்ஸின் அடிப்படை ஆண்டே 1978-79தான். 10 லட்சம் வேண்டாம். அடகில் நகை ஏதேனும் இருந்தால் முதலில் மீட்டுவிடுங்கள். மைத்துனருக்கு நம்பிக்கை இருந்தால் அவர் தம் பணத்தைப் போடட்டும்.