முதுகலை நர்சிங் ஆய்வேடு: நெரேட்டிவ் ரிவ்யூவா, சிஸ்டமேட்டிக் ரிவ்யூவா?

"எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேட்டுக்கு எந்த ரிவ்யூ எடுப்பது? கையில் ஆறு மாதம் இருக்கிறது, நான் ஒருத்திதான் செய்யப் போகிறேன்."

முதலில் உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். "ஐசியூ நோயாளிகளை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தால், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவதைவிடப் படுக்கைப்புண் குறையுமா?" இதில் நோயாளி, செயல், ஒப்பீடு, விளைவு நான்கும் இருக்கின்றன. முன்பே வகுத்த முறைப்படி ஆய்வுகளைத் தேடி, தரம் பார்த்துத் தொகுக்கும் சிஸ்டமேட்டிக் ரிவ்யூவுக்கான கேள்வி இது. "படுக்கைப்புண் வந்தால் நர்சுகள் ஏன் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள்?" என்பதில் ஒப்பீடே இல்லை. பலவகை எழுத்துகளைக் கோத்துப் பொருள் காண வேண்டும், அதற்கு நெரேட்டிவ் பொருந்தும்.

அடுத்து, ஒரு மாலை ஒதுக்கி பப்மெட், சினால் என்ற இரண்டு ஆய்வுக் கட்டுரைத் தளங்களிலும் தேடிப் பாருங்கள். 400 தலைப்புகள் வந்தால் ஒருவரால் படித்துச் சலித்தெடுக்க முடியும். 6,000 வந்தால் கேள்வியைக் குறுக்குங்கள். அதே கேள்விக்குச் சமீபத்திய ரிவ்யூ இருக்கிறதா, ரிவ்யூ திட்டங்களை முன்கூட்டியே பதியும் பிராஸ்பெரோ தளத்தில் யாராவது பதிந்திருக்கிறார்களா என்பதையும் அப்போதே பாருங்கள்.

தனி ஆளாக இருப்பதுதான் உண்மையான சிக்கல். சிஸ்டமேட்டிக்கில் சலிப்பதையும் தர மதிப்பீட்டையும் இருவர் தனித்தனியே செய்வது வழக்கம். சக மாணவி ஒருவர் பத்தில் ஒரு பங்கையாவது தனியே சலித்தால், எங்கே முரண்படுகிறீர்கள் என்று தெரியும். முழுவதையும் இருவர் சலிக்கவில்லை என்பதைக் குறைபாடாக ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள்.

நெரேட்டிவ் சுலபம் என்று நினைக்காதீர்கள். தனக்குச் சாதகமான கட்டுரைகளை மட்டும் பொறுக்கினால் வைவாவில் முதல் கேள்வி அதுதான். தேடிய சொற்கள், தளங்கள், தேதி ஆகியவற்றை அதிலும் எழுதுங்கள். ஆனால் எத்தனை கட்டுரைகள் கிடைத்தன, எத்தனை கழிந்தன என்று காட்டும் பிரிஸ்மா வரைபடத்தை ஒட்டிவிட்டு, தர மதிப்பீடு இல்லாமல் "சிஸ்டமேட்டிக்" என்று மட்டும் பெயர் வைத்துவிடாதீர்கள்.