டியூஷன் சென்டரா, ஆன்லைன் ஆப்பா: ஒப்பீட்டுக் கட்டம் போடுவது எப்படி?

டியூஷன் சென்டர் நடத்துகிறேன். போட்டியாளர்களோடு எங்களைத் தலைப்பு வாரியாக மதிப்பெண் போட்டு ஒப்பிட ஒரு கட்டம் போடுகிறேன். பிசிக்ஸ் வாலா, வேதாந்து, அன்அகாடமி என்று ஆன்லைன் ஆப்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. கட்டத்தில் யாரையெல்லாம் சேர்க்க வேண்டும்?

உங்களிடமிருந்து நின்ற பிள்ளைகள் எங்கே போனார்களோ, அந்த இடங்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். போன வருஷம் நின்றவர்களின் பெற்றோருக்குப் போன் போட்டு, "பையன் இப்ப எங்க படிக்கிறான்?" என்று கேளுங்கள். மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் என்றால் பெரிய ஆப்களைவிட யூடியூப் சேனலும் பள்ளியின் மாலை நேரச் சிறப்பு வகுப்பும்தான் அதிகம் வரலாம். மூன்று, நான்கு பெயருக்கு மேல் வேண்டாம்.

ஆன்லைனில் தொடங்கிய நிறுவனங்கள் அங்கேயே நிற்பதில்லை என்பதையும் மறக்காதீர்கள். பிசிக்ஸ் வாலா 2022இல் நேரடி மையங்களைத் திறந்தது. பக்கத்துப் பெரிய ஊரில் அப்படி ஏதாவது வந்திருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.

ஆசிரியர் தரம், வசதி, பெயர், தொழில்நுட்பம் என்று தலைப்பு போட்டேன். எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண்தான் வருகிறது.

அந்தத் தலைப்புகளை அடித்துவிடுங்கள். எல்லாரும் ஒரே எண் வாங்கும் தலைப்பு எதையும் சொல்லாது. நின்றவர் ஏன் நின்றார், இருப்பவர் ஏன் இருக்கிறார் என்ற இரண்டு கேள்விக்கும் வந்த பதில்தான் தலைப்பாக வேண்டும். நின்றவர்களை மட்டும் கேட்டால் உங்கள் குறை தெரியும், பலம் தெரியாது.

பத்தாம் வகுப்புக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 100 மதிப்பெண் தாளில் வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8, ஆக 16. காம்பஸ் முனை நகர்ந்ததா, அளவுத்திட்டம் எழுதினானா என்பதெல்லாம் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தால் உடனே தெரியும். 'நன்றாகக் கற்பிக்கிறோம்' என்று பொதுவாக எழுதுவதைவிட 'விடைத்தாள் திருத்தம்' என்று தலைப்பு வைத்தால் வித்தியாசம் எண்ணில் வரும்.

முக்கியத்துவ எண் கொடுத்து எப்படிக் கூட்டுவது? கட்டணத்தைக் குறைக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

இரண்டுக்கும் ஒரே கட்டத்தில் பதில் இருக்கிறது. ஒரு சிறு ஊர் சென்டருக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கியத்துவம் மொத்தம் 10, ஒவ்வொரு மதிப்பெண்ணும் 5க்கு.

| தலைப்பு (முக்கியத்துவம்) | நாம் | கட்டண ஆப் | யூடியூப் |
|---|---|---|---|
| விடைத்தாள் திருத்தம் (4) | 5 | 2 | 0 |
| இரவில் வரும் சந்தேகம் (3) | 1 | 4 | 1 |
| விட்டுப்போன வகுப்பு (2) | 1 | 5 | 5 |
| கட்டணம் (1) | 3 | 3 | 5 |
| மொத்தம் | 28 | 33 | 18 |

மதிப்பெண்ணை முக்கியத்துவத்தால் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் கிடைக்கும். ஆப்புக்கு 5 பின்தங்குகிறோம். கட்டணத்தை நன்றாகக் குறைத்து 3ஐ 5 ஆக்கினாலும் 30தான். அதையே விட்டுவிட்டு, இரவு 8.30 முதல் 9.30 வரை வாட்ஸ்அப்பில் சந்தேகம் தீர்க்க ஏற்பாடு செய்து 1ஐ 3 ஆக்கினால் 34 வருகிறது.

கட்டணமே பெரிது என்று நினைக்கும் பெற்றோருக்காகத் திருத்தத்தின் முக்கியத்துவத்தை 2 ஆகவும் கட்டணத்தின் முக்கியத்துவத்தை 3 ஆகவும் மாற்றிப் பாருங்கள். நாம் 24, ஆப் 35, யூடியூப் 28. அந்த வீடுகளுக்கு நாம் கட்டணத் தலைப்பில் முழு 5 வாங்கினாலும் 30தான். ஆப்பைப் பிடிக்க முடியாது. ஆகவே கட்டணத்தைக் குறைக்காதீர்கள். திருத்தத்தை மதிக்கும் பெற்றோர்தான் உங்கள் ஆட்கள்.

ஆப்பின் மதிப்பெண்ணை அவர்கள் விளம்பரத்தைப் பார்த்துப் போடலாமா?

கூடாது. சோதனை வகுப்பில் சேர்ந்து, ஒரே கணக்கை இரவு 8.30க்கு எல்லா இடத்துக்கும் அனுப்புங்கள். பதில் எத்தனை நிமிடத்தில் வந்தது, பாடநூலில் உள்ள முறையில் படிப்படியாகப் போட்டார்களா, வெறும் விடையா என்று குறித்துக்கொள்ளுங்கள். 'எப்போதும் சந்தேகம் கேட்கலாம்' என்று எழுதியிருக்கும் இடத்தில் பதில் மறுநாள் வந்தால் 4 போட முடியாது.

கட்டணத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் மாதம் 1,000 என்று 10 மாதம் வாங்கினால் வருஷத்துக்கு 10,000. ஆப்பில் வருஷக் கட்டணத்தோடு ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

எங்கள் நெடுவரிசையில் நானே மதிப்பெண் போட்டால் எல்லாம் 5 ஆகிறது.

உங்கள் நெடுவரிசையை நீங்கள் நிரப்ப வேண்டாம். நின்றுபோன பிள்ளையின் அம்மா ஒருவரையும் இப்போது படிக்கும் பிள்ளையின் அப்பா ஒருவரையும் தனித்தனியே நிரப்பச் சொல்லுங்கள். இருவரும் 2க்கு மேல் வித்தியாசப்படும் தலைப்பில் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். ஒருவர் பார்த்த பிரச்சினை மற்றவருக்கு வரவே இல்லாமல் இருக்கலாம்; பையன் எந்த பேட்ச், எந்த ஆசிரியர் என்று கேட்டாலே பல நேரம் காரணம் வந்துவிடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்?

வருஷத்துக்கு இரண்டு முறை போதும். சேர்க்கை தொடங்கும் முன் ஏப்ரலில் ஒன்று, காலாண்டுத் தேர்வு மதிப்பெண் வந்ததும் ஒன்று. பிள்ளைகள் இடம் மாறுவது பெரும்பாலும் அந்த இரண்டு சமயத்தில்தான்.