பொன்னி புழுங்கலில் இட்லி ஏன் தட்டையாகிறது?

"எப்போதும் இட்லி அரிசியில்தான் அரைப்பேன். இந்த முறை சாப்பாட்டுக்கு வாங்கிய பொன்னி புழுங்கலில், அதே 4-க்கு 1 கணக்கில் அரைத்தேன். மாவு நன்றாகப் பொங்கியது, ஆனால் இட்லி தட்டையாக, பிசுபிசுவென்று வந்தது. அரிசி மாறியதுதான் காரணமா? பொன்னியை எப்படிச் சரிசெய்வது?" – சூளைமேட்டிலிருந்து ஒரு வாசகி

மாவு பொங்கியிருக்கிறது என்றால் உளுந்தையும் புளிப்பையும் சந்தேகப்பட வேண்டாம். காற்றைப் பிடித்து வைப்பது உளுந்தின் நுரை. அந்த நுரை ஆவியில் வேகும்போது அமுங்காமல் தாங்குவது அரிசிக் குருணை. உங்கள் மாவில் அந்தக் குருணைதான் இல்லாமல் போயிருக்கிறது.

நெல்லை ஊறவைத்து ஆவி காட்டும்போது உள்ளே இருக்கும் மாவுச்சத்து பாதி வெந்து, ஆறிக் காய்ந்ததும் இறுகிவிடும். அதனால் புழுங்கல் அரிசி கல்லில் அரைபடும்போது பச்சரிசி போலச் சட்டென்று கூழாகாமல் நைஸ் ரவை மாதிரி உடையும். ஒவ்வொரு குருணையும் இட்லிப் பானையில் தனித்தனியாக உப்பி வேகும். இட்லியைப் பிட்டால் குருணைக்கும் குருணைக்கும் நடுவில் பிரிகிறது; பூப்போல உதிர்வது அதனால்தான். அரிசி கூழாக அரைந்துவிட்டால் துளைகளுக்கு நடுவே இருக்கும் சுவர் முழுக்க ஒரே பசையாகிவிடும். அதைப் பிட்டால் உதிராது, இழுபடும். உங்கள் கையில் ஒட்டியது அந்தப் பசைதான்.

கடையில் இட்லி அரிசி என்று தருவது ஏ.டி.டி. 37 போன்ற குட்டையான, குண்டு ரகங்களை நன்றாகப் புழுக்கியது. பொன்னி சன்ன ரகம். சோற்றுக்கு வெளுப்பாக இருக்கவேண்டும் என்பதற்காக ஆவியைக் குறைத்துப் புழுக்கி, நன்றாகத் தீட்டிய மூட்டைகளும் வரும். அப்படிப்பட்ட அரிசி கிரைண்டரில் சீக்கிரமே நைஸாகிவிடும். பழக்கமான நேரத்துக்கு, பழக்கமான தண்ணீரோடு ஓடவிட்டால் மாவு வழவழப்பாகவும் இளக்கமாகவும் போய்விடும். ஆக, அரிசி மாறியதும் காரணம், அரைக்கும் முறை மாறாததும் காரணம்.

முதலில் உங்கள் மூட்டை எப்படிப்பட்டது என்று பாருங்கள். ஒரு பிடி அரிசியை வெளிச்சத்தில் வைத்தால் லேசான மஞ்சளோடு கண்ணாடி மாதிரி தெரியவேண்டும். சுண்ணாம்பு வெள்ளையாக, உள்ளே தெரியாமல் இருந்தால் புழுங்கல் போதாது. 'ஸ்டீம் அரிசி' என்று விற்பதும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அதை இட்லிக்கு எடுக்கவே வேண்டாம்.

நல்ல புழுங்கல்தான் என்றால் என் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். 4 டம்ளர் பொன்னிக்கு 1 டம்ளர் முழு உருட்டு உளுந்து, தலைதட்டி. அரிசி ஊறியதா என்பதைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மணியை நகத்தால் கிள்ளினால் நடுவில் கட்டி இல்லாமல் உடையவேண்டும். உளுந்தை எப்போதும்போலப் பொங்கப் பொங்க அரைத்து எடுத்துவிடுங்கள். மாற்றம் அரிசியில்தான். இட்லி அரிசிக்கு நான் ஏறக்குறைய 2 டம்ளர் தண்ணீர் விடுவேன். பொன்னிக்கு ஒன்றேகாலில் தொடங்கி, கல் திணறினால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பேன். 10 நிமிடத்தில் கிரைண்டரை நிறுத்தி, மாவைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பாருங்கள். நைஸ் ரவை நெருடினால் அப்போதே வழித்துவிடுங்கள். "இன்னும் ரெண்டு நிமிஷம் ஓடட்டும்" என்று விட்டால் போச்சு. மிக்ஸி என்றால் இன்னும் கவனம் வேண்டும். அது சூடாகி அரிசியைச் சீக்கிரம் பசையாக்கும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, விட்டு விட்டு ஓட்டுங்கள்.

இப்படிச் செய்தாலும் பொன்னி இட்லி குண்டு அரிசி இட்லிக்கு ஈடாகாது. சூடாக இருக்கும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆறியதும் சற்று அழுத்தமாக இருக்கும். டிபன் பாக்ஸில் கட்டிக்கொடுப்பதற்கு நான் இட்லி அரிசியைத்தான் எடுப்பேன். மூட்டை தீரும்வரை 2 டம்ளர் பொன்னி, 2 டம்ளர் இட்லி அரிசி என்று கலந்து அரைப்பது நல்ல வழி. ரேஷன் புழுங்கல் கிடைத்தால் அதையும் கலக்கலாம். மோட்டா ரகமாக இருந்தால் இட்லி அரிசி போலவே குருணையாக உடையும். கல், கறுப்பு மணி பார்த்து, நாலைந்து தண்ணீரில் களைந்தால் போதும்.

அப்புறம், இப்போது ஃப்ரிட்ஜில் இருக்கும் மாவு. 4 டம்ளர் மாவுக்கு கால் டம்ளர் இட்லி ரவையைக் கழுவி, 20 நிமிடம் ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து கலந்து, அரைமணி கழித்து ஊற்றுங்கள். இழந்த குருணை ஓரளவு திரும்பக் கிடைக்கும். அதற்கும் இட்லி எழும்பவில்லை என்றால் தோசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நைஸாக அரைபட்ட மாவு தோசைக்கு நன்றாகவே வரும்.